மின்வாரியத்துக்கு ஒரு மனு: தொடர் மின்தடையைப் பதிவுக்குக் கொண்டுவருவது எப்படி

ஒரு கிராமத்தில் அடிக்கடி, மணிக்கணக்கில் மின்சாரம் தடைபடும்போது மின்வாரியத்துக்கு எழுதப்படும் மனு இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். தடை எந்த இடத்துக் கோளாறால் வருகிறது என்பதைப் பொறியாளருக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தடைகள் அலுவலகப் பதிவேட்டில் ஏறும்படியும் செய்ய வேண்டும். பல மனுக்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, 'எங்கள் ஊரில் அடிக்கடி கரண்ட் போகிறது, மக்கள் மிகவும் அவதிப்படுகிறார்கள், உடனடியாக நடவடிக்கை எடுக்கவும்' என்று முடிந்துவிடுகின்றன. அதைப் படிக்கும் பொறியாளருக்கு எந்தக் கம்பத்துக்கு ஆள் அனுப்புவது என்று தெரியாது. 'சரிசெய்யப்பட்டது' என்ற ஒற்றை வரிப் பதிலோடு அந்த மனு கோப்பில் அடங்கிவிடும்.

தமிழ்நாட்டில் மின் விநியோகத்தைக் கவனிக்கும் நிறுவனத்தின் பெயர் சில முறை மாறியிருக்கிறது. 1957-இல் தொடங்கிய மின்சார வாரியம் 2010-இல் பிரிக்கப்பட்டபோது விநியோகம் 'டான்ஜெட்கோ'விடம் போனது. 2024-இல் அது மறுபடி பிரிக்கப்பட்டு, இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் இருக்கிறது. மக்கள் பேச்சில் இன்றும் அது 'ஈ.பி.'தான், மின்வாரியம்தான். மனு போய்ச் சேர வேண்டிய அலுவலகங்களின் அடுக்கு பெரிதாக மாறவில்லை.

மின்சாரம் எந்த வழியாக ஊருக்கு வருகிறது

துணை மின் நிலையத்திலிருந்து 11 கிலோவோல்ட் மின்பாதை புறப்படுகிறது. ஊழியர்கள் இதை 'பீடர்' என்பார்கள். ஒரு கிராமப்புற பீடர் பல ஊர்களையும் வயல்களையும் கடந்து, கிளைகளாகப் பிரிந்து போகும். ஒவ்வொரு ஊரிலும் அது ஒன்றோ சிலவோ மின்மாற்றிகளில் இறங்குகிறது. அங்கே மின்னழுத்தம் குறைந்து, தெருக் கம்பங்களில் ஓடும் தாழ்வழுத்தப் பாதை வழியாக வீடுகளுக்கும் பம்புசெட்டுகளுக்கும் போகிறது. தாழ்வழுத்தப் பாதையில் மூன்று பேஸ்கள் உண்டு. பெரும்பாலான வீடுகள் அவற்றில் ஏதாவது ஒன்றில் மட்டும் இணைந்திருக்கும்.

ஆகவே தடை வரக்கூடிய இடங்கள் மூன்று: பீடர், மின்மாற்றி, தாழ்வழுத்தப் பாதை. எங்கே என்பதை ஊரார் கம்பத்தைத் தொடாமலே, ஏறாமலே கண்டுகொள்ளலாம்.

பக்கத்து ஊர்களிலும் அதே நிமிடத்தில் மின்சாரம் போனால் கோளாறு பெரும்பாலும் பீடரில் இருக்கிறது. காற்றடித்தாலோ மழை தொடங்கினாலோ ஒவ்வொரு முறையும் இப்படி ஆனால், கம்பியில் மரக்கிளை உரசுகிறது அல்லது இன்சுலேட்டர் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். விரிசல் விட்ட இன்சுலேட்டர் வெயிலில் ஒழுங்காக வேலை செய்து, ஈரம் பட்டதும் மின்சாரத்தைக் கம்பத்தின் வழியே கசியவிடும். அதனால்தான் மழை விட்டு ஈரம் காய்ந்த பிறகு லைனைச் சுற்றிப் பார்க்கும் ஊழியரின் கண்ணில் எதுவும் படாமல் போகிறது.

பக்கத்து ஊரில் விளக்கு எரிய, இந்த ஊரில் ஒரு மின்மாற்றிக்கு உட்பட்ட தெருக்கள் மட்டும் இருண்டால் கோளாறு அந்த மின்மாற்றியிலோ அதன் பியூஸிலோ இருக்கிறது. இதில் தனியாகக் கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. சில வீடுகளில் விளக்கு வழக்கம்போல எரிகிறது; மற்ற வீடுகளில் மினுக்மினுக்கென்று மங்கலாக எரிகிறது, மின்விசிறி சுழலத் திணறுகிறது. அப்படியானால் மின்மாற்றிக்கு மேலே, 11 கிலோவோல்ட் பக்கத்தில் உள்ள மூன்று எச்.ஜி. பியூஸ்களில் ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கம்பி அறுந்ததும் கீழே ஒரு பேஸுக்கு முழு அழுத்தமும் மற்ற இரண்டுக்கும் ஏறக்குறைய பாதி அழுத்தமும் கிடைப்பதே காரணம். அந்த நேரத்தில் பிரிட்ஜையும் மோட்டாரையும் அணைத்து வைக்காவிட்டால் அவை புகைந்துவிடும்.

மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கில் முழுதாக இருண்டு, மற்றவை நன்றாக எரிந்தால் ஒரு பேஸ் மட்டும் போயிருக்கிறது. தாழ்வழுத்தப் பக்கத்துப் பியூஸோ, கம்பத்தில் இரு கம்பிகளை இணைக்கும் ஜம்பரோ அறுந்திருக்கலாம்.

பதிவில் ஏறாத மின்தடை

பீடர் தடைபட்டால் துணை மின் நிலையத்தில் பணியில் இருப்பவர், எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று பதிவேட்டில் எழுதுகிறார். மின்மாற்றியின் பியூஸ் போனால் பீடர் தடைபடுவதில்லை. அது அடுத்த ஊர்களுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். துணை மின் நிலையப் பதிவேட்டின்படி அன்றைக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தத் தெருவில் விடிய விடிய இருட்டு இருந்ததற்குச் சாட்சி, யாராவது முறைப்படி புகார் பதிவு செய்திருந்தால் மட்டுமே உண்டு.

வயர்மேனின் கைப்பேசிக்கு நேரே பேசி ஆளை வரவழைப்பது கிராமங்களில் வழக்கம். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் புகார் எண் கிடைக்காது. வருடம் முழுக்க நூறு முறை இப்படி அழைத்திருந்தாலும், மேலதிகாரி கோப்பைத் திறந்தால் அந்த மின்மாற்றி குறையில்லாததாகவே தெரியும். புதிய மின்மாற்றிக்கு மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளருக்கும் தேவையைக் காட்டக் கையில் எதுவும் இருக்காது.

அதனால் வயர்மேனை அழைத்த கையோடு 'மின்னகம்' சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணிலும் புகார் சொல்லிப் பதிவு எண்ணை வாங்கிக்கொள்வது அவசியம். புகார் சொல்ல மின் இணைப்பு எண் தேவை. ரசீதில் உள்ள அந்த எண்ணில் மண்டலம், பிரிவு அலுவலகம், பகிர்மானம் ஆகியவற்றின் குறியீடுகள் முன்னால் வரும். அந்த வீட்டின் சர்வீஸ் எண் கடைசியில் வரும். எண்ணைச் சொன்னதுமே புகார் எந்த அலுவலகத்துக்குரியது என்று தெரிந்துவிடுகிறது.

குறிப்பேடும் அதிலிருந்து கிடைக்கும் கணக்கும்

மனுவுக்கு முன்னால் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு நோட்டில் குறிப்பு எழுதி வர வேண்டும். தேதி, போன நேரம், வந்த நேரம், எந்தெந்தத் தெரு, பக்கத்து ஊரில் இருந்ததா, காற்றோ மழையோ இருந்ததா, புகார் எண் என ஏழு கட்டங்கள் போதும். தெருவுக்கு ஒருவர் என்று பொறுப்பேற்றுக்கொண்டால் நேரம் துல்லியமாக இருக்கும். ஒரு பதிவு இப்படி அமையலாம்: 'ஏப்ரல் 14, இரவு 7.50 முதல் மறுநாள் காலை 6.40 வரை, கீழத்தெரு மட்டும், மேலத்தெருவிலும் பக்கத்து ஊரிலும் மின்சாரம் இருந்தது, மழை இல்லை, முன்னதாக அரை மணி நேரம் விளக்கு மங்கியது.' இந்த ஒரு வரியிலேயே கோளாறு பீடரில் இல்லை, மின்மாற்றிக்குச் சுமை தாங்கவில்லை என்று பொறியாளர் ஊகித்துவிடுவார்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கிராமத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். மார்ச் முதல் மே வரை அதன் குறிப்பேட்டில் 23 தடைகள் இருக்கின்றன. அவற்றில் 3 தடைகள், மாதாந்திரப் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவை. இன்னும் 2 தடைகள் சூறைக்காற்றில் கம்பங்கள் சாய்ந்த நாட்களில் வந்தவை. இந்த ஐந்தையும் மனு எழுதுபவரே ஒதுக்கிவிடுவது நல்லது. அறிவித்த நிறுத்தத்தையும் இயற்கைச் சீற்றத்தையும் வாரியத்தின் குறையாகக் காட்டினால் மிச்சக் கணக்கின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

மீதி 18. இதில் 11 தடைகள் பக்கத்து இரண்டு ஊர்களோடு சேர்ந்து வந்தவை, மொத்தம் 52 மணி நேரம். அவை பீடர் கோளாறுகள். 7 தடைகள் கீழத்தெரு மின்மாற்றியில் மட்டும், எல்லாமே மாலை 7-க்கும் 10-க்கும் இடையில் தொடங்கியவை, மொத்தம் 61 மணி நேரம். எண்ணிக்கையில் குறைந்த இந்த ஏழுதான் ஊரை அதிக நேரம் இருட்டில் வைத்தது. துணை மின் நிலையப் பதிவேட்டில் இல்லாததும் இதே ஏழுதான்.

மாலையில் மட்டும் ஏன் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. கீழத்தெருவில் இருப்பது 63 கே.வி.ஏ. மின்மாற்றி என்று கொள்ளலாம். அதன் திறன் அதன் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும். அது ஒரு பேஸுக்குச் சுமார் 84 ஆம்பியர் தாங்கும். அதில் 5 குதிரைத்திறன் பம்புசெட்டுகள் 6 இணைந்திருக்கின்றன. ஒன்று ஒவ்வொரு பேஸிலும் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுப்பதால், ஆறும் ஓடினால் 45 ஆம்பியர் போய்விடும். மிச்சம் 39. வீடுகள் 110, பேஸுக்கு 37 வீடுகள். மாலையில் விளக்கு, மின்விசிறி, டி.வி., பிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து வீட்டுக்குச் சராசரியாக 2 ஆம்பியர் என்றாலே 74 ஆம்பியர். இரண்டையும் கூட்டினால் 119. தாங்கும் அளவோ 84. கோடையில் நாலைந்து வீடுகளில் ஏ.சி. ஓடத் தொடங்கினால் பியூஸ் போவதில் வியப்பில்லை. வயர்மேன் வந்து பியூஸைப் போட்டுவிட்டுப் போவார். மறுவாரம் அதே நேரத்தில் அது மறுபடி போகும். 100 கே.வி.ஏ. மின்மாற்றி பேஸுக்குச் சுமார் 133 ஆம்பியர் தாங்கும். ஆகவே திறனைக் கூட்டுவது அல்லது இன்னொரு மின்மாற்றி நட்டுச் சுமையைப் பிரிப்பதுதான் இந்த ஊருக்குத் தீர்வு.

பீடர் கோளாறுக்குத் தீர்வு வேறு. அங்கே கோளாறு அடிக்கடி வருவது ஒரு பிரச்சினை, வந்தால் நீண்ட நேரம் எடுப்பது இன்னொரு பிரச்சினை. கிளை வெட்டுவதும் பழைய இன்சுலேட்டர்களை மாற்றுவதும் முதலாவதைக் குறைக்கும். இரண்டாவதற்குக் காரணம், நீண்ட பாதையில் கோளாறு எங்கே என்று தெரியாமல் கம்பம் கம்பமாக நடந்து தேட வேண்டியிருப்பது. வழியில் ஏ.பி. சுவிட்சுகள் போதிய அளவில் இருந்தால் பாதையைத் துண்டு துண்டாகத் துண்டித்துப் பார்த்து, கெட்ட பகுதியை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற ஊர்களுக்கு உடனே மின்சாரம் கொடுக்கலாம். அருகில் வேறொரு பீடர் ஓடினால் அதிலிருந்து மாற்று இணைப்பு கேட்பதும் நியாயமான கோரிக்கையே.

யாருக்கு எழுதுவது

ஊருக்கு மிக அருகில் இருப்பது பிரிவு அலுவலகம். உதவிப் பொறியாளரோ இளநிலைப் பொறியாளரோ அதன் பொறுப்பில் இருப்பார். கிளை வெட்டுதல், பியூஸ், ஜம்பர், இன்சுலேட்டர் போன்றவை அவர் அளவிலேயே முடியக்கூடியவை. மின்மாற்றித் திறனைக் கூட்டுவது, புதிய சுவிட்ச் பொருத்துவது போன்றவற்றுக்கு அவர் மதிப்பீடு தயாரித்து மேலே அனுப்ப வேண்டும். அவருக்கு மேல் உபகோட்டத்தில் உதவி செயற்பொறியாளர், கோட்டத்தில் செயற்பொறியாளர், மின் பகிர்மான வட்டத்தில் மேற்பார்வைப் பொறியாளர் இருக்கிறார்கள். செலவு கூடக்கூட ஒப்புதல் தரும் அதிகாரம் மேலே போகும்.

மதிப்பீடு தேவைப்படும் கோரிக்கையை உதவி செயற்பொறியாளருக்கு எழுதி, நகல்களைக் கீழே உதவிப் பொறியாளருக்கும் மேலே செயற்பொறியாளருக்கும் அனுப்புவது பொருத்தம். முதலமைச்சருக்கே முதலில் எழுதினாலும் அந்த மனு படியிறங்கி, பல நாள் கழித்து இதே பிரிவு அலுவலகத்துக்குத்தான் அறிக்கை கேட்டு வரும்.

மாதிரி மனு

அனுப்புநர்:
கீழத்தெரு, மேலத்தெரு மின் நுகர்வோர் (கையொப்பப் பட்டியல் இணைப்பில்),
………… கிராமம், ………… ஊராட்சி.

பெறுநர்:
உதவி செயற்பொறியாளர் அவர்கள்,
இயக்குதலும் காத்தலும், ………… உபகோட்டம்.

பொருள்: ………… கிராமம் – தொடர் மின்தடை – கீழத்தெரு மின்மாற்றித் திறனை உயர்த்தவும், 11 கி.வோ. பாதையைச் சீரமைக்கவும் வேண்டுதல்.

ஐயா,

வணக்கம். எங்கள் கிராமத்துக்கு ………… துணை மின் நிலையத்தின் ………… பீடரிலிருந்து மின்சாரம் வருகிறது. கடந்த மார்ச் 1 முதல் மே 31 வரை, அறிவிக்கப்பட்ட பராமரிப்பு நாட்களும் சூறைக்காற்று நாட்களும் நீங்கலாக, 18 முறை மின்தடை ஏற்பட்டது. தேதி, நேர விவரம் இணைப்பு 1-இல் உள்ளது.

இவற்றில் 7 தடைகள் கீழத்தெரு மின்மாற்றிக்கு உட்பட்ட பகுதியில் மட்டும், மாலை 7 முதல் 10 மணிக்குள் தொடங்கின. மொத்தம் 61 மணி நேரம் மின்சாரம் இல்லை. ஒவ்வொரு முறையும் முன்னதாக மின்னழுத்தம் குறைந்தது. இது 63 கே.வி.ஏ. மின்மாற்றி, இதில் 110 வீடுகளும் 6 விவசாய மின் இணைப்புகளும் உள்ளன. பதிவு செய்த புகார் எண்கள் இணைப்பு 2-இல் உள்ளன.

மற்ற 11 தடைகள் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஏற்பட்டவை. அவற்றில் 8 தடைகள் காற்று அல்லது மழையின்போது வந்தன. ஏரிக்கரை ஓரமாக ஆறு கம்பங்களுக்கு இடையே புளியமரக் கிளைகள் பாதையைத் தொடுகின்றன. தரையிலிருந்து எடுத்த படங்கள் இணைப்பு 3-இல் உள்ளன.

எனவே, (1) மாலை 7 முதல் 10 மணிக்குள் கீழத்தெரு மின்மாற்றியின் சுமையை அளந்து, திறனை உயர்த்தவோ கூடுதல் மின்மாற்றி அமைக்கவோ மதிப்பீடு தயாரிக்கவும், (2) ஏரிக்கரைப் பகுதியில் கிளைகளை வெட்டி இன்சுலேட்டர்களைச் சோதிக்கவும், (3) ஊருக்கு முன்னால் ஏ.பி. சுவிட்ச் அமைப்பது பற்றிப் பரிசீலிக்கவும், (4) எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
(கையொப்பங்கள், மின் இணைப்பு எண்களுடன்)

நகல்: செயற்பொறியாளர், உதவிப் பொறியாளர், ஊராட்சி மன்றத் தலைவர்.

இந்த மனுவின் முதல் கோரிக்கையில் நேரம் குறிப்பிட்டிருப்பது காரணத்தோடுதான். காலை பதினொரு மணிக்கு வந்து அளந்தால் அதே மின்மாற்றி பாதிச் சுமையில்தான் இருக்கும். 'மிகுசுமை இல்லை' என்று அறிக்கை போய்விடும். கையொப்பத்தோடு இணைப்பு எண் கேட்பதற்கும் காரணம் உண்டு. நூறு வெறும் கையெழுத்தைவிட, ஒரே மின்மாற்றியில் இணைந்த முப்பது நுகர்வோரின் எண்கள் அலுவலகத்தில் அதிகம் எடுபடும். கிராமசபையில் இதே கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி அதன் நகலையும் சேர்க்கலாம்.

மனுவை நேரில் கொடுத்தால் கைவசம் உள்ள நகலில் தேதியோடு அலுவலக முத்திரையும் கையொப்பமும் வாங்க வேண்டும். தபாலில் அனுப்பினால் ஒப்புகை பெறும் வகையில் அனுப்ப வேண்டும். அடுத்த படிகள் எல்லாம் இந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

பதில் வராவிட்டால்

மேற்பார்வைப் பொறியாளர் பங்கேற்கும் மின் நுகர்வோர் குறைதீர் நாள் கூட்டங்கள் கோட்ட அலுவலகங்களில் நடக்கின்றன. முத்திரை பெற்ற நகலோடு அங்கே போனால், பதில் சொல்ல வேண்டிய பொறியாளர்கள் எதிரிலேயே இருப்பார்கள்.

அடுத்தது சட்ட வழி. மின்சாரச் சட்டம் 2003-இன் 42-ஆவது பிரிவு, ஒவ்வொரு விநியோக நிறுவனமும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் அமைக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் இது மின் பகிர்மான வட்டம்தோறும் இருக்கிறது. அதன் தீர்ப்பிலும் நிறைவில்லை என்றால் மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இவர் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தால் நியமிக்கப்படுபவர். அதே சட்டத்தின் 57-ஆவது பிரிவின்படி, சேவைக்கு ஆணையம் வகுத்த காலக்கெடுவை நிறுவனம் மீறினால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு. பழுதான மின்மாற்றியைச் சரிசெய்ய 48 மணி நேரம் என்பது தமிழ்நாட்டு விதிமுறைகளில் உள்ள அத்தகைய கெடுக்களில் ஒன்று. கெடு எப்போது தொடங்கியது என்பதைக் காட்டப் புகார் எண் வேண்டும். மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், மின்சாரம் 24 மணி நேரமும் வழங்கப்பட வேண்டும் என்றும் குறைகளைத் தீர்க்கும் கால வரம்பு 45 நாட்களைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கின்றன.

'அத்தனை தடைகள் எங்கள் பதிவில் இல்லை' என்று அலுவலகம் சொன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். 10 ரூபாய் கட்டணத்தோடு, குறிப்பிட்ட மூன்று மாதங்களுக்கான அந்தப் பீடரின் மின்தடைப் பதிவேட்டு நகலும், குறிப்பிட்ட மின்மாற்றியில் பதிவான புகார்களின் பட்டியலும், அதில் கடைசியாகச் சுமை அளந்த தேதியும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வந்த பதிவேட்டை ஊர்க் குறிப்பேட்டோடு ஒப்பிட்டால், பீடர் தடைகளின் நேரம் சில நிமிட வித்தியாசத்தில் பொருந்தி வரும். அது ஊர்க் குறிப்பேடு நம்பத்தக்கது என்பதற்கு அலுவலகமே கொடுத்த சான்று.

இந்த வழிக்கு எல்லைகளும் உண்டு. மன்றம் தரும் இழப்பீடு சிறிய தொகைதான். வெளிச்சம் இல்லாமல் போன இரவுகளுக்கு அது ஈடாகாது. கிளை வெட்டுவது சில நாட்களில் நடக்கலாம். மின்மாற்றி மாற்றுவது மதிப்பீடு, ஒப்புதல், தளவாட இருப்பு ஆகியவற்றைப் பொறுத்து மாதங்கள் எடுக்கும். பீடரைப் பிரிப்பதும் புதிய துணை மின் நிலையமும் இன்னும் நீண்ட கால வேலைகள். எனவே முதல் மனுவில் பிரிவு, உபகோட்ட அளவில் முடியக்கூடியவற்றைக் கேட்டுவிட்டு, அவை நடந்த பிறகும் குறிப்பேட்டைத் தொடர வேண்டும். மின்மாற்றி மாறிய பின் கீழத்தெருத் தடைகள் நின்று பீடர் தடைகள் மட்டும் மிஞ்சினால், அடுத்த மனு அந்தக் கணக்கோடு மேற்பார்வைப் பொறியாளருக்குப் போகும்.